ஃபாரம் 6-ஐ வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா: மின் இணைப்பு கேட்கும் ஒரு வாடகைக்காரனின் திறந்த மடல்

எங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர் அவர்களுக்கும், அவருக்கு மேலுள்ள செயற்பொறியாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

வீட்டு மின் இணைப்பு கேட்டு நான் போட்ட விண்ணப்பம் போன வாரம் மறுபடியும் திரும்பி வந்திருக்கிறது. காரணம் என்று ஒரே வரி: "உரிமை ஆவணம் சரியில்லை." நான் வீட்டுக்காரன் இல்லை, வாடகைக்கு இருப்பவன் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறேன். வாடகைக்கு இருப்பவன் கையில் உரிமை ஆவணம் எப்படிச் சரியாக இருக்கும் என்பதைத்தான் இந்த மடலில் பணிவோடு கேட்கிறேன்.

வீட்டை நீங்கள் அறிவீர்கள். பல வருடம் பூட்டிக் கிடந்தது. கிளம்பும்போதே வீட்டுக்காரர்கள் பழைய இணைப்பை ஒப்படைத்து, பாக்கியில்லாமல் கணக்கை முடித்து, மீட்டரையும் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் பெயர் மாற்றம், மறு இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, புது இணைப்புதான் என்று சொன்னதும் உங்கள் அலுவலகம்தான். வீட்டுக்காரச் செட்டியார் இப்போது பினாங்கில் மகனோடு இருக்கிறார். முன்னோருக்குப் போடும் படைப்புக்காக ஊருக்கு வந்தபோது பின்கட்டையும் கிணற்றடியையும் எங்களுக்கு வாடகைக்கு விட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாதா மாதம் வாடகை அவர் வங்கிக் கணக்குக்குப் போகிறது.

ஃபாரம் 5-ல் சம்மதக் கடிதம் வேண்டும் என்றீர்கள். கேட்டதும் நியாயம், வாடகைக்காரர் விண்ணப்பித்தால் விதிப்படி முதலில் கேட்க வேண்டியதும் அதுதான். செட்டியார் கையெழுத்துப் போட்டு, படம் எடுத்து அனுப்பினார். மை கையெழுத்துதான் செல்லும் என்றார்கள். கூரியரில் அசலும் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுவரி ரசீது அவருடைய அப்பச்சி, அதாவது தகப்பனார், பெயரில் இருப்பது கண்ணில் பட்டது. வாரிசுச் சான்று கொண்டுவா, எல்லாப் பங்காளிகளிடமும் கையெழுத்து வாங்கி வா என்றார்கள்.

ஐயா, இது செட்டிநாடு. ஒரு வளவுக்கு எத்தனை புள்ளி, எத்தனை குடும்பம் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வீட்டுக்குப் பங்காளிகள் சென்னையில் உண்டு, கோயம்புத்தூரில் உண்டு, ஒருவர் அமெரிக்காவில். அவர்களுக்குள் யாருக்கு எந்த அறை என்பது வாய்வழிப் பாகம், அதை மதித்து எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒரு மீட்டருக்காக அத்தனை பேரையும் ஒரு காகிதத்துக்குக் கீழே கொண்டுவர அவர்கள் வீட்டுக் கல்யாணத்தாலேயே முடிவதில்லை. வாடகைக்காரன் நான் எப்படிக் கொண்டுவருவேன்?

அப்படியானால் செட்டியாரிடம் பவர் எழுதி வாங்கி வாருங்கள் என்று ஒரு யோசனையும் கிடைத்தது. வெளிநாட்டில் எழுதும் பவர் பத்திரத்துக்கு இந்தியத் தூதரகத்தில் சான்று கேட்பார்கள். பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணமும் கட்டியாக வேண்டும். தூதரகம் இருக்கும் கோலாலம்பூர் பினாங்கிலிருந்து சுமார் 350 கிலோமீட்டர். கம்பு ஊன்றி நடக்கும் மனிதர் இங்கே நான்கு பல்பு எரிவதற்காக அங்கே அந்தப் பயணம் போக வேண்டுமாம்.

இத்தனைக்கும் அவசியமே இல்லை என்பதுதான் என் வருத்தம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டு மின் விநியோக விதித்தொகுப்பில் 27-வது விதி, 4-வது உட்பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வீட்டுக்காரர் கிடைக்கவில்லை, அல்லது சம்மதம் தர மறுக்கிறார் என்றால் வாடகைக்காரர் என்ன செய்யலாம் என்று அது சொல்கிறது. முறைப்படி அந்த வீட்டில் குடியிருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஃபாரம் 6-ல் ஓர் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். காப்பு வைப்புத்தொகையை வழக்கமானதைப் போல இரண்டு மடங்கு கட்டச் சம்மதிக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த உட்பிரிவில் வாரிசுச் சான்றும் இல்லை, பங்காளிகளும் இல்லை.

ஈட்டுறுதிப் பத்திரம் என்றால், இந்த இணைப்பால் நாளைக்கு வீட்டுக்காரர் தரப்பிலிருந்து தகராறு எழுந்து உங்களுக்கு நஷ்டம் வந்தால் அதை நான் ஏற்கிறேன் என்று எழுதித் தருவது. வம்பு வந்தால் என் தலையில், காசும் இரண்டு மடங்கு முன்கூட்டியே உங்கள் கையில். உங்களைக் காப்பாற்றத்தான் விதியை இப்படி எழுதியிருக்கிறார்கள். அதைக் கவுண்டரில் நீட்டியபோது, "அதெல்லாம் இங்க வழக்கமில்லீங்க" என்று பதில் வந்தது. விதிக்கு வழக்கம் வேண்டுமா ஐயா? முதல் ஆள் ஒருவன் கொடுத்து, நீங்கள் வாங்கிக்கொண்டால் அதுவே வழக்கமாகிவிடுமே.

மின் அட்டை வாடகைக்காரன் பெயரில் போனால் வீடே அவனுக்குப் போய்விடும் என்று ஒரு பயம் இந்தப் பக்கத்தில் பலருக்கு உண்டு. வீட்டுக்காரர்கள் பயப்பட்டால் புரிந்துகொள்ளலாம். மின் கட்டண ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்று தெரிந்த அலுவலகமும் சேர்ந்து பயப்பட்டால் எப்படி? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு உரிமையாளரோ குடியிருப்பவரோ, யார் கேட்டாலும் மின்சாரம் தர வேண்டும் என்கிறது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைக்காரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது, அவர் அந்த இடத்தில் குடியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும் என்பது அந்தத் தீர்ப்பு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கொடுக்க வேண்டிய கெடு, தாமதித்தால் அபராதம் எல்லாம் அதே 43-வது பிரிவில் இருக்கின்றன. ஆனால் விண்ணப்பம் எல்லா ஆவணங்களோடும் முழுமையாக வந்த பிறகுதான் அந்தக் கெடு ஓடத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பிவிட்டால் கெடு தொடங்குவதே இல்லை. கணக்கில் நான் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை, நீங்களும் தாமதிக்கவே இல்லை. யாரும் வேண்டுமென்று செய்வதாக நான் சொல்லவில்லை. நடப்பது அதுதான்.

இதற்கு நடுவில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போட வேண்டும். பிரிக்காத குப்பிகளைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். அடுத்த வீட்டு ஆச்சி தன் ஃபிரிட்ஜில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவுக்கு இடம் கொடுத்தார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். போன மாதம் ஆச்சி பேரன் கல்யாணத்துக்கென்று சென்னைக்குக் கிளம்பினார்கள். வீட்டைப் பூட்டினால் மெயினையும் அணைத்துவிட்டுத்தான் போவார்கள். டப்பா எங்களிடமே திரும்பி வந்தது. பெரிய சட்டியில் ஈர மணலைப் பரப்பி, நடுவில் சிறு மண்பானையைப் புதைத்து, குப்பிகளை அதற்குள் வைத்து, மேலே ஈரத்துணி போட்டோம். சித்திரை வெயிலில் மணல் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. ராத்திரியில் எழுந்து டார்ச் வெளிச்சத்தில் மணலுக்குத் தண்ணீர் தெளிப்பது என் வேலை. அந்தத் தண்ணீரும் கப்பியில் இறைத்ததுதான், மோட்டார் போட வழியில்லை. மருந்து கெட்டுவிட்டதா என்று அம்மாவின் சர்க்கரை அளவு ஏறினால்தான் தெரியும்.

உங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது ஒருவர், "செட்டிநாட்டு வீடு, ஃபேனே வேண்டாமே, தானா ஜில்லுன்னு இருக்குமே" என்றார். இன்னொருவர் நல்ல மனதோடு, "அதுவரைக்கும் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக்குங்க" என்றார். நல்ல மனதுதான். ஆனால் ஒரு வீட்டுக்குக் கொடுத்த மின்சாரத்தை வேறு வீட்டில் பயன்படுத்துவது மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு, இரண்டு மடங்கு கட்டணம் போடலாம். போடுவது யாருக்கு? ஃபிரிட்ஜில் இடம் கொடுத்த ஆச்சிக்கு. முறையாகக் கேட்டால் வழக்கமில்லை, முறைகேடாக எடுத்துக்கொள்ள யோசனை இலவசம்!

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. செட்டிநாட்டு வீடுகள் பாழாகின்றன, பாரம்பரியம் அழிகிறது என்று வருத்தப்படாத ஆளே கிடையாது. வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், ஆத்தங்குடிக் கல்லையும் தேக்குத் தூணையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பூட்டிய வீடு பாழாகாமல் இருக்க வேண்டுமானால் அதற்குள் யாராவது குடியிருக்க வேண்டும். ஓட்டைப் பார்க்க, ஒட்டடை அடிக்க, மழைநீர் எங்கே இறங்குகிறது என்று கவனிக்க ஆள் வேண்டும். வீட்டுக்காரர்கள் கடல் கடந்து இருக்கும் ஊரில் அந்த ஆள் வாடகைக்காரனாகத்தான் இருப்பான். அவனுக்கு ஒரு மீட்டர் கொடுக்கக் கடல் கடந்த கையெழுத்துதான் வேண்டுமென்றால், வௌவால்கள் எந்த ஃபாரமும் இல்லாமல் குடியிருந்துகொண்டுதான் இருக்கும்.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. கேட்க வந்தது சிறிய விஷயம்.

ஃபாரம் 6-ஐ வாங்கிக்கொள்ளுங்கள். செட்டியார் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம், வாடகை கட்டிய வங்கி விவரம், இந்த முகவரியில் என் பெயரில் வரும் எரிவாயு ரசீது எல்லாம் குடியிருப்புக்கு ஆதாரமாக வைத்திருக்கிறேன். செட்டியாரின் சம்மதக் கடிதம் போதாது என்று நீங்கள் நினைத்தால் சம்மதமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் ஃபாரம் 6 செல்லும். இரட்டை வைப்புத்தொகைக்குப் பணம் தயாராக இருக்கிறது. நான் காலி செய்யும் நாளில் இணைப்பை ஒப்படைத்துவிட்டு என் வைப்புத்தொகையை வாங்கிக்கொண்டு போகிறேன், வீட்டின் ஒரு செங்கல்கூட என்னோடு வராது.

வாங்க முடியாது என்றால் எந்த விதிப்படி முடியாது என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தாருங்கள். "சரியில்லை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் நான் என்ன சொல்ல முடியும்? அங்கே போக எனக்கு விருப்பமும் இல்லை.

கூடவே, ஃபாரம் 5 கிடைக்காதவர்கள் ஃபாரம் 6 தரலாம் என்று கவுண்டர் பலகையில் தமிழில் ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். எனக்குப் பின்னால் இதே காகிதத்தோடு வரப்போகிறவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

திங்கட்கிழமை காலை கவுண்டர் திறக்கும் நேரத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிய ஃபாரம் 6-ஓடு வருகிறேன். தயவுசெய்து வாங்கிக்கொண்டு பதிவு எண் கொடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
பணிவன்புடன்,
பின்கட்டு வாடகைக்காரன்