மாசித் திருவிழாவுக்குப் பறை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. இந்த வருஷம் டிஜே வேண்டாம், பறைக் குழுவையே கூப்பிடலாம் என்று ஊரில் முடிவெடுத்தது ரொம்ப சந்தோஷம். மதுரை வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஶ்ரீ அறிவித்த பிறகு, எங்கள் பக்கத்துப் பையன்கள் தாங்களாகவே பறை கற்றுக்கொள்ளப் போகிறார்கள்.

முக்கியமான ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களுடையது மாசித் திருவிழா. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்களே, அந்தப் பனிதான் பறைக்கு எதிரி. மரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய தோல், ஈரக்காற்று பட்டதும் தளர்ந்துவிடும். மாலையில் கணீரென்று கேட்ட பறை ராத்திரியில் 'தொப் தொப்' என்று அடங்கிப்போகும். அடிப்பவர் சோர்ந்துவிட்டதாக ஜனங்கள் நினைப்பார்கள். உண்மையில் தோல்தான் சோர்ந்திருக்கும்.

அதற்குத்தான் தீ. கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தி, தோல் பக்கத்தை அனலுக்குக் காட்டித் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். நடு நடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ஓசை மேலே ஏறிக் கணீரென்று வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் அனல் நின்றால் தோல் பொசுங்கும், விளிம்பில் பசை விட்டுக்கொள்ளும். அதனால் இந்த வேலையை ஆட்டக்காரர்களே பார்க்கட்டும். பந்தலுக்கும் மின்கம்பிக்கும் தள்ளி ஓர் இடமும் காய்ந்த வைக்கோலும் கொடுத்தால் போதும். முளைப்பாரி ஊர்வலம் நீளமானது என்பதால், பாதி வழியிலும் ஓர் இடம் வைத்துவிடு. சில குழுக்கள் பிளாஸ்டிக் தோல் போட்ட பறை கொண்டுவருகிறார்கள். அதற்குத் தீ வேண்டாம், மழைக்கும் அசையாது. ஆனால் அந்த ஓசை காதில் அறைகிறது, நெஞ்சில் இறங்குவதில்லை. ஆகவே தோல் பறையா என்று கேட்டே பேசி முடி.

அப்புறம் பாட்டு. கும்மிப் பாட்டுக்குப் பறை முழு வேகத்தில் அடித்தால் பெண்களின் குரல் ஒன்றும் கேட்காது. வலது கையின் அடிக்குச்சியை அடக்கி, இடது கையிலுள்ள மெல்லிய சிண்டுக்குச்சியால் தாளத்தை மட்டும் ஓடவிட்டு, ஓர் அடி பாடி முடிந்ததும் இரண்டு குச்சியும் சேர்ந்து விழச் சொல். அந்த இடத்தில்தான் ஆட்டம் தானாக எழும். மைக்கைப் பாடுகிறவர்களுக்குக் கொடு. பறைக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வந்த கலைஞர்களுக்குச் சாப்பாடு எல்லோரோடும் ஒரே பந்தியில்தான் போட வேண்டும். பேசிய கூலியும் அன்றைக்கே கைக்குப் போக வேண்டும். முன்னே நம் ஊரில் அவர்களைத் தனியே உட்கார வைத்தது உனக்கும் நினைவிருக்கும். யாராவது முனகினால் என்னிடம் சொல், நானே பேசுகிறேன்.

வைக்கோலுக்கு இப்போதே சொல்லிவை. முளைப்பாரி அன்று மதியமே வந்துவிடுவேன்.

அன்புடன்,
செல்வம்