மோதிர வளையத்தைத் திரித்துக் காட்டிய படங்கள்: புகார்

அனுப்புநர்: கல் மோதிர விற்பனையாளர், காங்கேயம்.
பெறுநர்: மேலாளர், விளம்பரப் பட ஸ்டுடியோ, கோவை.
பொருள்: அக்வாமரின் மோதிரத்தின் நெருக்கப் படங்களை மறுபடி எடுத்துத் தருவது குறித்து.

ஐயா,

வணக்கம். நீங்கள் எடுத்துக் கொடுத்த படத்தைப் பார்த்து மோதிரம் வாங்கிய ஈரோட்டு அம்மா ஒருவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். "படத்துல வளையம் கீழே போகப் போக மெலிஞ்சு இருந்துச்சுங்க, வந்தது வேற மோதிரமுங்க" என்றார். வேறு மோதிரமெல்லாம் இல்லை. அந்த வளையம் சுற்றிலும் ஒரே 3 மி.மீ. அகலம். மெலிய வைத்தது உங்கள் கேமராதான்.

அன்றைக்கு நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கல்லைப் பெரிதாகக் காட்ட லென்ஸை 8 செ.மீ. வரை கிட்டே கொண்டுபோனார்கள். மோதிரம் சாய்ந்திருந்ததால் அடி வளையம் இன்னும் 2 செ.மீ. தள்ளி, அதாவது 10 செ.மீ. தூரத்தில் இருந்தது. அப்போது கல்லோரத்து 3 மி.மீ. பக்கத்தில் அடியிலுள்ள 3 மி.மீ. வெறும் 2.4 மாதிரிதான் தெரியும். மேக்ரோ லென்ஸ் போட்டு 40 செ.மீ. தள்ளி எடுத்திருந்தால் 2.9 வந்திருக்கும், யார் கண்ணிலும் பட்டிருக்காது.

சரி, திருத்துங்கள் என்றதற்கு அதே படத்தைக் கம்ப்யூட்டரில் இழுத்து நிமிர்த்தி அனுப்பினீர்கள். வளையம் நேரானது, கல் கெட்டது. பட்டை தீட்டிய கல்லில் இரண்டு பட்டைகள் சேருகிற ஓரம் நேர்கோடாகத்தான் இருக்கும். உங்கள் படத்தைப் பெரிதாக்கி ஸ்கேலை வைத்தால் மேல்பட்டையின் ஓரம் வில்லாக வளைந்திருக்கிறது. கல்லைத் தாண்டி வெள்ளைப் பலகையில் விழுந்த ஒளிக்கோலமும் பாதியில் அறுந்து நிற்கிறது.

அப்புறம் படத்தில் கல்லில் தெரியும் அந்த வானவில் மினுக்கு. அக்வாமரின் வெளிச்சத்தை வைரம் அளவுக்கு நிறம் பிரிக்காது. அதன் மினுக்கு வெள்ளையும் வெளிர்நீலமுமாகத்தான் வரும். சிவப்பும் பச்சையும் தெறிப்பதைப் பார்த்தால், கல் தெரிந்தவர்கள் இதை அமெரிக்கன் டயமண்ட் என்றுதான் நினைப்பார்கள். பக்கத்துப் படியூரில் கிடைக்கும் அக்வாமரினைப் பரம்பரையாகப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு இதை நான் எப்படிக் கடையில் மாட்டுவது?

மறுபடி எடுக்கும்போது கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, தள்ளி வையுங்கள். முதலில் ட்ரேசிங் பேப்பர் வழியாக வரும் மெல்லிய வெளிச்சத்தில் வளையத்துக்கு ஒரு படம். பிறகு கேமராவையும் மோதிரத்தையும் அசைக்காமல், பேப்பரை எடுத்துவிட்டு ஒரே ஒரு சின்ன எல்.ஈ.டி. விளக்கில் இன்னொன்று. மினுக்கும் பலகையில் விழும் ஒளிக்கோலமும் அந்த மாதிரிச் சின்ன விளக்கில்தான் கூர்மையாக வரும். பேப்பர் மறைத்தால் கரைந்துவிடும். இரண்டு படமும் அச்சாகப் பொருந்தும் என்பதால் சேர்க்கும்போது எதையும் இழுக்க வேண்டியிருக்காது.

இதைக் கூடுதல் கட்டணமில்லாமல் செய்து, திருத்தாத மூலப் படங்களையும் சேர்த்துத் தர வேண்டும். முடியாதென்றால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
காங்கேயம் வாடிக்கையாளர்