நூற்றாண்டு விழாத் தொகுப்புரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம். நம் பள்ளி விழா மாலை நாலு மணிக்கு மங்கல இசையில் தொடங்கி இரவு ஒன்பதரைக்கு நாட்டுப்பண்ணோடு முடிந்தது. அவ்வளவு நேரமும் தொகுப்பு எங்கேயும் அறுந்துபோகவில்லை என்று நிறையப் பேர் போனிலும் நேரிலும் சொன்னீர்கள். அந்தப் பாராட்டைப் பங்குபோட வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள், அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி நம் ஓய்வுபெற்ற தமிழையாவுக்கு. நான் பேனாவை எடுக்கும் முன்பே அவர் சொன்னது, நோட்டில் எழுதாதே, அட்டையில் எழுது, ஓர் உருப்படிக்கு ஓர் அட்டை. நோட்டில் வரிசையாக எழுதினால் இடையில் ஒரு நிகழ்ச்சி தள்ளிப்போனதும் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்ட வேண்டியிருக்கும், மைக் முன்னால் அந்தச் சத்தம்தான் கேட்கும். அட்டை என்றால் எடுத்து மாற்றிச் செருகிவிடலாம். ஆனால் செருகினால் மட்டும் போதாது, எழுதியிருப்பதும் அதற்கு ஒத்துவர வேண்டும். "இந்த அருமையான கோலாட்டத்தைத் தொடர்ந்து இப்போது சிறப்புரை" என்று ஒரே வாக்கியமாக எழுதி வைத்தால், சிறப்புரை வராதபோது அந்த வாக்கியமே வீண். அதனால் ஐயா இணைப்புரையை இரண்டாக வெட்டச் சொன்னார். முடிந்த நிகழ்ச்சியைப் பற்றிய ஒன்றிரண்டு வரி அந்த நிகழ்ச்சியின் அட்டையிலேயே கீழே இருக்க வேண்டும். வரப்போவதைப் பற்றிய வரி, வரப்போவதன் அட்டையில் மேலே இருக்க வேண்டும். எந்த அட்டையும் பக்கத்து அட்டையின் பெயரைச் சொல்லக் கூடாது.

அது எப்படிக் காப்பாற்றியது என்று சொல்லிவிடுகிறேன். நிரல்படி பின்னல் கோலாட்டம், அடுத்துச் சிறப்புரை, அதற்கடுத்துப் பொய்க்கால் குதிரை. கோலாட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சிறப்பு விருந்தினரை அழைத்துவரப் போன தம்பியிடமிருந்து போன். கார் ரயில்வே கேட்டில் நிற்கிறது, முன்னால் வைக்கோல் ஏற்றிய வண்டிகள், இருபது நிமிடமாவது ஆகும் என்றார். நேரத்தோடு சேர்த்துச் சொன்னதற்குத் தம்பிக்குத் தனி நன்றி, ஏனென்றால் "வந்துகிட்டே இருக்கோம்" என்று மட்டும் சொன்னால் அதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. எல்லோருக்கும் முதலில் தோன்றியது, பொய்க்கால் குதிரையை முன்னால் கொண்டுவரலாம் என்பதுதான். அங்கேதான் ஆட்டக் குழு அண்ணன் ஒத்திகையன்று சொன்னது கைகொடுத்தது. கட்டைக்காலைக் கட்டிவிட்டால் ஆட்டக்காரரால் உட்கார்ந்து காத்திருக்க முடியாது, குதிரைக் கூட்டின் பாரமும் தோளில் இருக்கும், அதனால் மேளம் தொடங்கக் கொஞ்சம் முன்புதான் கட்டுவோம், அரை மணி முன்னால் சொல்லுங்கள் என்றிருந்தார். ஆக அவர்களைத் திடீரென்று இழுக்க முடியாது. விளையாட்டுப் போட்டிப் பரிசளிப்பு எந்த இடத்திலும் நிற்கக்கூடிய அட்டை, அதன் மூலையில் மஞ்சள் மை தடவி வைத்திருந்தோம். கோலாட்ட அட்டையின் கீழ்வரி, "பின்னியதைச் சிக்கில்லாமல் அவிழ்த்தும் காட்டிய பிள்ளைகளுக்கும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நான்காம் வகுப்பு டீச்சருக்கும் ஒரு கைதட்டல்." பரிசளிப்பு அட்டையின் மேல்வரி, "மேடைக்கு இடப்பக்கம் அடுக்கியிருக்கும் கோப்பைகளை மாலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், அவை வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது." இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன், அவ்வளவுதான். விருந்தினர் தாமதம் என்ற பேச்சே மைக்கில் எழவில்லை. பரிசு வாங்க வந்த பிள்ளைகளின் கடைசி வரிசை இறங்கும்போது கார் வாசலுக்கு வந்துவிட்டது.

மைக்செட் அண்ணனுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மேடை தயாராவதற்கு எந்த உருப்படிக்கு எவ்வளவு நேரம் என்று உட்கார்ந்து சொன்னவர் அவர். கோலாட்டத்துக்குப் பாட்டுப் போட்டால் போதும், அரை நிமிடம். பரதநாட்டியத்துக்குப் பாடகி, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் என்று நாலு மைக் வைத்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க மூன்று நிமிடமாவது வேண்டும். அதனால் பரதநாட்டிய அட்டையின் முன்னும் பின்னும் எழுதி, ஆடப்போகும் பதத்தின் கதையைக்கூட நிதானமாகச் சொல்லும்படி வைத்தேன். பொய்க்கால் குதிரைக்கு நேர்மாறாக ஒரே வரி: "தஞ்சைக்குப் பேர்போன ஆட்டம், இதோ, பொய்க்கால் குதிரை!" காலைக் கட்டி நிற்கிறவரை வைத்துக்கொண்டு வரலாறு பேசுவது நியாயமில்லை. அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஆடி முடித்த பிறகு, அவர்கள் மூச்சுவாங்கும்போது சொன்னேன்.

பேச்சாளர்களின் தன்விவரத்தைச் சுருக்கித் தந்த தலைமை ஆசிரியை அக்காவுக்கு நன்றி. இரண்டு பக்கத்துக்கு வந்த பட்டங்களையும் பதவிகளையும் நாலு வரிக்குக் கொண்டுவந்தார், அந்த நாலில் ஒன்று நம் பள்ளிக்கும் அவருக்கும் என்ன உறவு என்பதாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பெயர் கடைசிச் சொல்லாக வர வேண்டும், அப்போதுதான் கைதட்டல் பெயரின் மேல் விழும். பெயரை முதலில் சொல்லிவிட்டுப் பட்டங்களை அடுக்கினால், கூட்டம் எங்கே தட்டுவது என்று தெரியாமல் நடுவில் பாதியும் முடிவில் பாதியுமாகத் தட்டும். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, முன்னெழுத்தைத் தமிழில் சொல்லவா ஆங்கிலத்தில் சொல்லவா என்று கேட்டு அட்டையில் குறித்துத் தந்ததும் அக்காதான்.

தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிப்பதிவு போடாமல் நேரில் பாடிய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என் அன்பு. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தபோது அரசு சொன்ன 55 விநாடிக் கணக்கில் அழகாக முடித்தார்கள்.

அறிவிப்புகள் விஷயத்தில் சமையல் அண்ணனுக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஒரு பந்திக்கு நூற்றைம்பது பேர், அரை மணி ஆகும், மொத்தமாக வந்தால் தாங்காது என்று முன்பே சொன்னார். "சாப்பாடு தயார்" என்று மைக்கில் ஒருமுறை சொன்னால் பந்தல் காலியாகிவிடும் என்பது விழா நடத்திய எல்லோருக்கும் தெரியும். எனவே அந்தச் சொல்லே வராமல், "சின்னப் பிள்ளைகளோடு வந்தவர்களும் பெரியவர்களும் பின்பக்க வகுப்பறைக்கு வரலாம்" என்று ஏழரைக்கு ஒருமுறை, எட்டுக்கு ஒருமுறை. மற்றவர்களுக்கு நன்றியுரைக்குப் பிறகு. வண்டியை நகர்த்தச் சொல்வது, கடைசி பஸ் நேரம் இதையெல்லாம் தனித்தனியாகச் சொல்லாமல் சேர்த்து வைத்துப் பரிசளிப்பின் நடுவில் சொன்னேன். மறைந்த ஆசிரியர்களுக்கு மௌன அஞ்சலி செலுத்திய இடத்துக்கு முன்னும் பின்னும் எந்த அறிவிப்பும் வராமல் பார்த்துக்கொண்டோம். ஒரு குழந்தை அம்மாவைத் தேடி அழுதபோது சத்துணவு அக்கா அதைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், குழந்தையின் பெயரை மைக்கில் சொல்லாதே, யார் வேண்டுமானாலும் வந்து கேட்பார்கள் என்று காதோடு சொன்னார். அதனால் சட்டை நிறத்தையும் இடத்தையும் மட்டும் சொன்னேன். அம்மா ஓடிவந்து, பெயரை அவராகச் சொல்லித்தான் வாங்கிப்போனார்.

மேடைக்குப் பின்னால் நின்று, அடுத்த குழு தயார் என்றால் பச்சைத் துண்டு, இல்லை என்றால் சிவப்புத் துண்டு காட்டிக்கொண்டே இருந்த பழைய மாணவி தங்கையே, ஐந்தரை மணி நேரமும் நீ நகரவில்லை. பச்சையைப் பார்க்காமல் நான் யார் பெயரையும் கூப்பிடவில்லை.

அட்டைகளை வரிசையாகக் கட்டி அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவுக்குத் தொகுக்கப்போகிறவர் தலைமை ஆசிரியை அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றின் பின்புறமும் மைக்செட் அண்ணன் சொன்ன நிமிடக் கணக்கு பென்சிலில் இருக்கிறது.