அழைக்கும் முன் தெருவைப் பாருங்கள்

வீட்டு இன்டர்நெட் இணைப்பைத் தொலைபேசியில் விற்கும் நிறுவனங்களின் விற்பனை மேலாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் டெலிகாலர்கள் பார்த்துப் படிக்கும் தாளின் முதல் சில வரிகளைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

இப்போது அந்தத் தாள் நலம் விசாரிப்பதில் தொடங்குகிறது. பிறகு ‘உங்களுக்கு மட்டுமே ஆன சலுகை’ வருகிறது, வேகம் வருகிறது, ஓ.டி.டி. பட்டியல் வருகிறது. அடுப்பைத் தணித்துவிட்டு அத்தனையும் கேட்ட பெண்மணியிடம் கடைசியில்தான் பின்கோடு கேட்கிறீர்கள். “உங்கள் பகுதிக்கு இன்னும் லைன் வரவில்லை மேடம்” என்று முடிக்கிறீர்கள். முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது இதைத்தான். பின்கோடு மட்டும் போதாது. ஒரே பின்கோட்டுக்குள் எத்தனையோ தெருக்கள். அந்தத் தெருக் கம்பத்தில் உங்கள் ஃபைபர் பெட்டி இருக்கிறதா, அதில் ஒரு போர்ட்டாவது காலியாக இருக்கிறதா என்று உள்ளூர் லைன்மேனிடம் கேட்டு, அந்த வீடுகளை மட்டும் பட்டியலில் சேருங்கள். அதன்பிறகு இப்படிப் பேசலாம்:

“வணக்கம் அம்மா. இன்ன நிறுவனத்திலிருந்து பேசுகிறேன். வீட்டு இன்டர்நெட் விற்பதற்காகத்தான் கூப்பிட்டேன். உங்கள் தெருவுக்கு எங்கள் ஃபைபர் லைன் வந்திருக்கிறது. ஒரு நிமிடம் பேசலாமா?”

நிதானமாகச் சொன்னாலும் கால் நிமிடம் ஆகாது. கேள்வி கேட்டதும் டெலிகாலர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த வரியைப் படித்தால் அது கேள்வியே அல்ல. விற்பனை அழைப்பு என்பதை ஏன் மறைக்க வேண்டும்? விளம்பர அழைப்புகளுக்கு என்றே 140-இல் தொடங்கும் எண்கள் இருக்கின்றன. அதைப் பார்த்தும் ஒருவர் எடுக்கிறார் என்றால் அவருக்கு விஷயம் தெரியும். சாதாரண பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து விற்பது விதிமீறல் என்பது உங்களுக்கும் தெரியும்.

“ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது” என்பார்கள். பலர் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்பணம் கட்டியவர்கள்; எவ்வளவு வாதாடினாலும் நடுவில் மாற மாட்டார்கள். “எந்த மாதம் முடிகிறது? அப்போது கூப்பிடலாமா?” என்று மட்டும் கேட்டு, மாதத்தைக் குறித்துக்கொண்டு வைத்துவிடலாம்.

பேசலாம் என்றவரிடம் முதலில் விலையைச் சொல்லுங்கள், அதுவும் வரியோடு. 499 ரூபாய் திட்டத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் பில் 589 வரும். அந்த 90 ரூபாயை முதல் பில்லில் பார்க்கிறவர், உங்களை விட்டுவிட்டு, கேபிள் மாட்ட வந்த பையனைத்தான் பிடித்துத் திட்டுகிறார்.

வேண்டாம் என்றால், “சரிம்மா, இனி கூப்பிட மாட்டோம்.” அந்த எண் அன்றைக்கே பட்டியலிலிருந்து போக வேண்டும். மறுநாள் பக்கத்து நாற்காலியிலிருந்து அதே எண்ணுக்கு அழைப்பு போனால் சொன்னது பொய்யாகிவிடும்.

இவற்றையெல்லாம் டெலிகாலர்கள் விரும்பினாலும் இன்று செய்ய முடியாது. தினமும் இவ்வளவு நேரம் லைனில் பேசியிருக்க வேண்டும் என்று டார்கெட் வைத்திருக்கிறீர்கள். சீக்கிரம் ‘வேண்டாம்’ வாங்குகிறவருக்கு அங்கே அடி விழுகிறது. முதலில் அந்த டார்கெட்டை எடுங்கள். கால் நிமிடத்தில் மரியாதையாக முடிந்த அழைப்பையும் முடித்த வேலையாகக் கணக்கில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அழைப்புகளை எடுக்கும் ஒருவன்