செயலாளர் அறிக்கை, 2024–25

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விளையாட்டு, கண் பரிசோதனை முகாம், கொடியேற்றம் மூன்றும் வழக்கம்போல நடந்தன. செயற்குழு ஐந்து முறை கூடியது. கூடியது என்றால், நானும் பொருளாளரும் டீ குடித்தோம்.

பழமொழி நோட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கக் காசில் பிள்ளை விளையாட்டா என்று கேட்டவர்கள் யாரும் அந்த நோட்டைப் பிரித்தே பார்க்கவில்லை.

நம் தெருவில் 7-ஆம் வகுப்புப் படிக்கும் பெண்ணிடம் 40 பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, பெரியவர்கள் சொல்வதை எழுதி வரச் சொன்னேன். முதல் வாரம் நோட்டு காலி. "ஒரு பழமொழி சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்கும் வாயில் வராது. அப்படிக் கேட்கச் சொன்னது என் தப்பு. அப்புறம் நோட்டைப் பையில் வைத்துவிட்டு, மேட்டுத்தெரு ஆயாவோடு உட்கார்ந்து மல்லாட்டை உரிக்கச் சொன்னேன். அன்றைக்கே ஆயா ஊர் சுற்றும் பேரனைத் திட்டினார்: "கை காய்ச்சாதான்டா கமுகு காய்க்கும்!"

பிள்ளை அதை 'கை காய்ச்சினால்' என்று எழுதிவிட்டாள், பால் காய்ச்சுவது போல. நான் திருத்தவில்லை, ஆயாவையே கேள் என்றேன். ஆயா உள்ளங்கையை விரித்தாராம். கிணற்றுக் கயிறு இழுத்து, நாலு விரலடியிலும் காய்ப்பு. "இதான் காய்ச்ச கை. கமுகு மரத்த நான் பார்த்ததே இல்ல கண்ணு." அன்றிலிருந்து அவள் காதில் விழுந்தபடியே முதலில் எழுதுகிறாள். கீழே, யார் எந்த வேலையின் நடுவில் யாரைப் பார்த்துச் சொன்னார் என்று ஒரு வரி. புத்தகத் தமிழ் கடைசியில்தான்.

பாலாற்றங்கரைத் தோப்புத் தாத்தா சொன்னது: "நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட." இரண்டு பயிருக்கு நடுவில் அது அது ஓடுமளவு இடம் விடவேண்டும். தென்னைக்கு 25 அடி என்று நான் சொன்னதும், அலமாரிக்காகச் சங்கம் வாங்கிய டேப்பை எடுத்துப்போய்த் தோப்பை அளந்திருக்கிறாள். 16 அடிதான். மட்டையோடு மட்டை பின்னிக் கிடக்கிறது. ஓரத்து மரங்கள் வெளிச்சம் தேடி வெளியே சாய்ந்துவிட்டன, நடு மரங்களில் காய்ப்பு குறைவு. "எங்கப்பா சொன்னாரு, நான் கேக்கல" என்றாராம் தாத்தா. பழமொழிக்குப் பக்கத்தில் '16 அடி' என்றும் எழுதி வைத்திருக்கிறாள். அதை அடிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது. வரவும் செலவும் ஏறக்குறைய சரி. மாதச் சந்தா 20 ரூபாய்தான், ஆடி மாதத்திலிருந்து பாதிப்பேர் தரவில்லை. பெயர் சொல்ல விரும்பவில்லை, பட்டியல் பலகையில் ஒட்டியிருக்கிறது.

முகாமுக்கு இடம் தந்தவர்களுக்கும் நாற்காலி தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறு யாராவது பொறுப்பேற்றால் சாவியைத் தரத் தயார். நோட்டில் மூன்று பக்கம்தான் மிச்சம், புது நோட்டு கேட்கிறாள். சந்தா வரட்டும் என்கிறார் பொருளாளர்.

இப்படிக்கு,
செயலாளர்