ஏழாம் நம்பர் தறி நின்ற 320 நிமிடம்: எங்கள் யூனிட் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எம்.டி. சார், ஜி.எம். சார்,

வணக்கம். தினமும் காலை எட்டு மணிக்கு உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்து விழும் புரொடக்‌ஷன் ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்கிறவன் எழுதுகிறேன். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட், மூன்றுக்கும் ஆளுக்கொரு எஃபிஷியன்சி சதவீதம், அடியில் மொத்த மீட்டர். அவ்வளவுதான் அந்தத் தாள். அதை வைத்துத்தான் ஊக்கத்தொகை, அதை வைத்துத்தான் மெமோ, அதை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் யார் தலை உருள்வது என்பதும். உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனாலும் போன வாரம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முழு நைட்டில் பன்னிரண்டு ஏர்ஜெட் தறி ஓட்டுகிற ஒடிசா தம்பி ஒருவன். அவன் பெயருக்கு நேராக 81.6 என்று எழுதி, சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஊக்கத்தொகை இல்லை என்று ஒட்டியிருந்தார்கள். எல்லை 85. தமிழ் படிக்கத் தெரியாத பையன், போர்டுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றுவிட்டு என் மேசைக்கு வந்தான். "பையா, நான் தூங்கவே இல்லையே" என்றான். அவன் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அன்றைய தறிக் கணக்கு முழுவதும் என் கையில்தான் இருக்கிறது. உங்களுக்கு அனுப்புகிற ஒரு வரியில் அது இல்லை.

அந்த இரவைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள் சார்.

பன்னிரண்டு தறி, எட்டு மணி நேரம். ஆக 5,760 தறி நிமிடம். அதில் ஓடியது 4,700. வகுத்தால் 81.6 வருகிறது. கணக்கு சரி. நின்ற 1,060 நிமிடம் யாரால் நின்றது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஏழாம் நம்பர் தறியில் இரவு 11.40க்குப் பாவு சுற்றிய பீம் தீர்ந்தது. அடுத்த பீம் சைசிங்கிலிருந்து வந்து சேர்ந்தபோது மணி 3.10. வந்த பிறகும், பழைய பாவோடு புதுப் பாவை முடிச்சுப் போடுகிற நாட்டிங் மெஷின் வேறு தறியில் மாட்டிக்கொண்டிருந்ததால் நாலு மணி வரை பீம் தறிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நாட்டிங் முடிந்து, முடிச்சுகளை விழுதுக்கும் அச்சுக்கும் முன்னால் இழுத்து, துணி பிடித்து ஓடத் தொடங்கியபோது ஐந்து மணி. ஆக 320 நிமிடம். இதில் தறி ஓட்டுகிறவன் செய்ய வேண்டியது என்ன இருக்கிறது? பீமை முதுகில் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டுமா?

பதினோராம் நம்பர் தறியில் ரிலே நாசிலின் வால்வு ஒன்று போய்விட்டது. ஃபிட்டர் வந்து பார்த்து, மாற்று வால்வு வேண்டும் என்றார். ஸ்டோர் பூட்டியிருந்தது, சாவி வீட்டில். 70 நிமிடம்.

இரண்டும் சேர்ந்து 390 நிமிடம். அதைக் கழித்தால் அந்தத் தம்பியின் கையில் இருந்த தறி நேரம் 5,370 நிமிடம். அதில் ஓட்டியது 4,700. சதவீதம் 87.5. எல்லைக்கு மேலே. ஊக்கத்தொகை வாங்க வேண்டியவனுக்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறோம்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். தறி நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் காரணத்தை ரிப்போர்ட்டில் தனியாக எழுத அனுமதியுங்கள். பீம் இல்லாமல் நின்றது, நாட்டிங்குக்குக் காத்திருந்தது, நாட்டிங் நடந்தது, மெக்கானிக்கல், கரண்ட், நூல் அறுந்து நின்றது. இத்தனை பத்தி போதும்.

இதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது. நம் தறி நிமிடத்துக்கு 600 பிக், அதாவது 600 ஊடை இழை, ஓடுகிறது, அன்று ஓடிய துணிக்கு அங்குலத்துக்கு 60 பிக். 390 நிமிடத்தில் போனது 2,34,000 பிக். அங்குலத்துக்கு 60 என்றால் மீட்டருக்கு 2,362. வகுத்துப் பாருங்கள், 99 மீட்டர் துணி. ஒரே ஷிப்டில், பன்னிரண்டு தறியில். அந்த 99 மீட்டரை நெய்யாமல் விட்டது பையன் அல்ல, பீம் பிளானிங்கும் ஸ்டோர் சாவியும். ஒரு பீமில் எவ்வளவு பாவு பாக்கி இருக்கிறது என்று தறியின் திரையே காட்டுகிறது. தறிக்கு ஷிப்டுக்கு நூறு மீட்டர் சுமாராக ஓடுகிறது என்றால், 3,000 மீட்டர் பாவு பத்து நாளில் தீரும் என்று பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்லிவிடுவான். பத்து நாள் முன்னாடியே தெரிந்த ஒன்று ராத்திரி 11.40க்கு எப்படி எல்லோருக்கும் ஆச்சரியமாகிறது? அந்தக் கேள்வியை ரிப்போர்ட் கேட்காததால் யாரும் கேட்பதில்லை.

மிச்சமுள்ள 670 நிமிடம் நூல் அறுந்து நின்றது. அதுவாவது முழுக்க அவன் கணக்கா என்றால், அதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அன்று அவன் தறிகளில் மொத்தம் 226 முறை நூல் அறுந்திருக்கிறது. ஓடிய பிக் 28 லட்சத்துச் சொச்சம், ஆக லட்சம் பிக்குக்கு எட்டு அறுப்பு. அதே துணியில் மற்ற நாட்களில் ஐந்தைத் தாண்டாது. அன்று மட்டும் ஏன் எட்டு? தறிக் கம்ப்யூட்டரில் மணிவாரியாகப் பார்த்தால், இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள்தான் பாவு அறுப்பு குவிந்திருக்கிறது. அந்த மூன்று மணி நேரமும் கரண்ட் மிச்சம் பிடிக்க ஹியுமிடிஃபிகேஷன் பிளான்ட்டை நிறுத்திவைத்திருந்தார்கள். ஷெட்டில் தொங்குகிற மீட்டரில் ஈரப்பதம் 78லிருந்து 62க்கு இறங்கியதாக செக்யூரிட்டி நோட்டிலேயே எழுதியிருக்கிறது. பருத்திப் பாவு காய்ந்தால் கஞ்சி உதிரும், நூல் முறுகும், விழுதில் உரசி அறுந்துகொண்டே இருக்கும். ஷெட்டில் வேலை பார்த்த எவருக்கும் இது புதிதல்ல.

ஒரு ஊடை அறுப்பை அரை நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். பாவு என்றால் ட்ராப் பின் எது விழுந்தது என்று தேடி, முடிச்சுப் போட்டு, விழுதில் கோத்து, அச்சில் இழுத்துவிட ஒன்றரை நிமிடமாவது ஆகும். அதற்குள் இன்னும் இரண்டு தறியில் விளக்கு எரியும். அவை நிற்கிற நேரம் வேலை தெரியாததால் அல்ல, ஒரு மனிதனுக்கு இரண்டு கைதான் இருக்கிறது என்பதால். அறுப்புக்குச் சராசரியாக மூன்று நிமிடம் வருகிறதே என்று சூப்பர்வைசர் ஏசினார். பாதி நேரம் அந்தத் தறி முறைக்காகக் காத்திருந்ததுதான் சார். பக்கத்து ரவுண்டில் ஆள் இல்லாததால் அவனுக்கு எட்டுக்குப் பதில் பன்னிரண்டு தறி கொடுத்ததும் நாம்தானே.

இப்போது கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரே எண்ணைத் துரத்தினால் என்ன ஆகும் என்று நான் தினமும் பார்க்கிறேன். பீம் இல்லாத தறியின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் நம் யூனிட்டில் அது கணக்கிலேயே வராது. அதை எல்லா ஷிப்டும் கற்றுக்கொண்டுவிட்டது. அதனால்தான் சில மாதம் எஃபிஷியன்சி 91 காட்டுகிறது, ஃபோல்டிங்கில் மீட்டரை எண்ணினால் குறைகிறது, உடனே அங்கே துணி எங்கே போனது என்று விசாரணை. துணி எங்கும் போகவில்லை, நெய்யவே இல்லை. ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போது பீம் தீரப்போகிற தறியை அடுத்தவன் தலையில் தள்ளிவிடுகிற வித்தையும் நடக்கிறது. அதற்காக நடக்கிற வாய்ச்சண்டையைக் கேட்டால் நீங்களே ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். கேமரா வைக்கச் செலவு செய்தோம், டைல்ஸ் மாற்றினோம், ரிப்போர்ட்டில் ஆறு பத்தி சேர்க்க மட்டும் "அதெல்லாம் பெரிசா இருக்கும், ஒரு வரியிலே அனுப்பு" என்று பதில். சரி, விடுங்கள். கோபத்தில் எங்கோ போய்விட்டேன்.

பணிவாகவே கேட்கிறேன். நின்ற நேரத்தைக் காரணத்தோடு பிரித்து எழுத அனுமதி கொடுங்கள். ஷெட்டுக்கு ஒரு சதவீதம் மொத்த நேரத்தை வைத்துப் போடலாம், அது உங்களுக்கும் பிளானிங்குக்கும். தறி ஓட்டுகிறவருக்கு ஒரு சதவீதம், பீம், நாட்டிங், மெக்கானிக்கல், கரண்ட் நேரத்தைக் கழித்துவிட்டுப் போடலாம், ஊக்கத்தொகை அதற்கு. தறி நிற்கும்போது காரணக் குறியீட்டைத் திரையில் அழுத்துகிற வசதி மெஷினிலேயே இருக்கிறது. யாருக்கும் சொல்லித்தரவில்லை, அதனால் எல்லா நிறுத்தமும் "இதர" என்று விழுகிறது. கணக்கில் கை வைப்பார்களோ என்ற பயம் நியாயமானதுதான். பீம் இல்லை என்று அழுத்தினால் பீம் வழங்கிய நோட்டில் உள்ள நேரத்தோடு ஒப்பிடலாம், ஸ்பேர் இல்லை என்றால் ஸ்டோர் ரிஜிஸ்டரோடு. இரண்டும் என் மேசைக்குத்தான் வருகின்றன, அரை மணி நேர வேலை.

படிவத்தை நானே வரைந்து வைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான், வாட்ஸ்அப்பில் படிக்கலாம். போன வார முழு நைட்டுகள் ஆறையும் அதில் நிரப்பியும் வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தத் தம்பியின் ஊக்கத்தொகை இந்தச் சம்பளத்திலேயே சேர்ந்தால் நல்லது, அவன் மாதக் கடைசியில் ஊருக்குப் போகிறான்.

இப்படிக்கு,
தினசரி ரிப்போர்ட் போடுகிறவன்