சூத்திரங்களைச் சொற்களாக்கித் தந்த என் வகுப்புக்கு நன்றி

அன்புள்ள தோழர்களே, தோழிகளே, வணக்கம்.

முதுகலைப் பொருளியல் தேர்வு முடிவு வந்துவிட்டது. புள்ளியியல் தாளில் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருக்கிறேன். அதற்கு நீங்கள் செய்த வேலையை விவரமாகவே எழுதிவிடுகிறேன். பார்வையற்ற ஒருவரோடு படிக்கும் வேறு மாணவர்களுக்கும் அது பயன்படும்.

நான் பயன்படுத்துவது என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான். உரைநடையை அழகாக வாசிக்கும். சூத்திரம் படமாக ஒட்டப்பட்டிருந்தால் மட்டும் அங்கே ஏதோ படம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடும். விசைப்பலகைக் குறிகளால் தட்டச்சு செய்தாலும் சிக்கல் தீராது. அதன் இயல்பான அமைப்பில் அடைப்புக்குறியும், கழித்தலுக்காக நாம் போடும் சிறு கோடும் ஒலிப்பதில்லை. `(x - m)^2` என்று எழுதினால் என் காதுக்கு வருவது எக்ஸ், எம், இரண்டு, அவ்வளவுதான். எல்லாக் குறிகளையும் ஒலிக்கும்படி அமைப்பை மாற்றலாம். மாற்றினால் பாடத்திலுள்ள ஒவ்வொரு காற்புள்ளியும் குறுக்கே வந்து விழும்.

அதனால்தான் நீங்கள் குறிகளையே விட்டுவிட்டு, முழுக்கச் சொற்களால் எழுதினீர்கள். முன் பெஞ்சில் உட்காரும் தோழி தொடர்புப் போக்குக் கோட்டின் சாய்வை இப்படி எழுதி அனுப்பினாள்:

```
b சமம், ஒரு பின்னம். மேலும் கீழும் கூட்டுத்தொகை.
மேலே: கூட்டுத்தொகை தொடக்கம்
அடைப்பு, x கழித்தல் x பார், அடைப்பு முடிவு
பெருக்கல்
அடைப்பு, y கழித்தல் y பார், அடைப்பு முடிவு
கூட்டுத்தொகை முடிவு
கீழே: கூட்டுத்தொகை தொடக்கம்
அடைப்பு, x கழித்தல் x பார், அடைப்பு முடிவு, அதன் வர்க்கம்
கூட்டுத்தொகை முடிவு
பின்னம் முடிவு
```

முதல் வரிக்காகவே அவளுக்குத் தனி நன்றி. உங்களுக்குக் கரும்பலகையைப் பார்த்த உடனே சூத்திரத்தின் வடிவம் தெரிந்துவிடும். எனக்கு அது கடைசிச் சொல் வரைக்கும் தெரியாது. வந்ததையெல்லாம் நினைவில் தாங்கிக்கொண்டே போக வேண்டும். வடிவத்தை முதலிலேயே சொல்லிவிட்டால் ஒவ்வொரு துண்டும் எங்கே போய் உட்கார வேண்டும் என்று மனம் தயாராகிவிடுகிறது. ஒரு துண்டுக்கு ஒரு வரி என்று பிரித்ததும் அப்படித்தான். கீழ் அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த துண்டு, மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தையது. சந்தேகம் வந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போகலாம்.

'தொடக்கம்', 'முடிவு' என்று திரும்பத் திரும்ப எழுதுவது உங்களுக்கு அலுப்பாக இருந்திருக்கும். ஆனால் பார்வையற்ற கணித அறிஞர் ஆபிரகாம் நெமத் வகுத்த வாசிப்பு முறையின் அடிப்படையே அதுதான். மேலே உள்ள கீழ்ப்பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அதன் வர்க்கம்' என்பது 'கூட்டுத்தொகை முடிவு' என்ற வரிக்குப் பின்னால் போய்விட்டால் கணக்கே கவிழ்ந்துவிடும். x மதிப்புகள் 1, 2, 3 என்றால் அவற்றின் சராசரியான x பார் 2. விலகல்கள் −1, 0, 1. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 2 வரும். கூட்டிய பிறகு வர்க்கமாக்கினால் பூச்சியம். சராசரியிலிருந்து விலகல்களைக் கூட்டினால் எப்போதும் பூச்சியம்தான் என்பதால், எந்தத் தரவுக்கும் பின்னத்தின் கீழே பூச்சியம் வந்து நிற்கும்.

இப்படிப்பட்ட இடங்களைப் பிடிக்க விடுதி அக்கா ஒரு வழி வைத்திருந்தார். ஒருவர் எழுதியதை, பாடக்குறிப்பைப் பார்க்காத இன்னொருவரிடம் வாசித்துக் காட்டி, அவரை நோட்டில் சூத்திரமாக எழுதச் சொல்வார். அது பலகையில் இருந்ததோடு ஒத்துப்போனால்தான் எனக்கு அனுப்புவார். அக்கா, உங்கள் கையைத் தாண்டி வந்த கோப்பை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

எழுத்துகளை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்ட தம்பிக்கும் நன்றி. தமிழில் 'பி' என்று எழுதினால் அது சாய்வைக் குறிக்கும் b-யா, நிகழ்தகவைக் குறிக்கும் p-யா என்று தெரியாது. d, t இரண்டுக்கும் 'டி'யால் அதே குழப்பம். என் கணினியில் உள்ள குரல் ஆங்கில எழுத்து வந்தால் ஆங்கிலமாகவே சொல்லும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்படிச் செய்தான்.

நீளமான நிரூபணங்களில் ஒவ்வொரு படியையும் முழுதாகக் கேட்பது பெரும்பாடு. 'மாறியது கீழ்ப்பகுதி மட்டும்' என்று படியின் தலையிலேயே எழுதியது பெரிய உதவி. அணிகளுக்குத்தான் இந்த முறை பத்தவில்லை. நிரை நிரையாக எழுதிக் கொடுத்தீர்கள், படித்தேன். ஆனால் பெருக்கும்போது ஒரு நிரலை மேலிருந்து கீழாகப் பிடிக்கச் சிரமப்பட்டேன். அடுத்த பருவத்தில் ஒவ்வொரு அணியையும் நிரல்வாரியாகவும் ஒருமுறை எழுதித் தர முடியுமா?

முதல் நாளே பாடக்குறிப்பைத் தந்த ஆசிரியர்களுக்கும், நான் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதிய இளங்கலைத் தங்கைக்கும் என் நன்றி. 'பின்னம் தொடக்கம்' என்று நான் சொன்னதுமே அவள் கோடு போட இடம் விட்டுவிடுவாள். உங்கள் கோப்புகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாயில் படிந்த சொற்கள்தான் அவை.

அன்புடன்,
உங்கள் வகுப்புத் தோழி